கொதிக்கும் பேட்டரி, நிறையாத பேட்டரி

இன்வெர்ட்டர் பேட்டரி பற்றி மெக்கானிக்கிடம் போகும் புகார்களில் இரண்டு அடிக்கடி வருபவை. பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றுகிறது என்பது ஒன்று. எவ்வளவு நேரம் கரண்ட் இருந்தாலும் சார்ஜ் நிறைவதே இல்லை என்பது மற்றொன்று. பழி பேட்டரியின் மேல்தான் விழும். ஆனால் பேட்டரி நன்றாகவே இருந்து, இன்வெர்ட்டரின் பின்பக்கச் சுவிட்ச் தவறான இடத்தில் இருப்பதும் உண்டு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய ஃபிளாட் பிளேட் பேட்டரியின் காலம் முடிந்தது. அதே இன்வெர்ட்டருக்கு 12 வோல்ட், 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி வாங்கினார்கள். கடை ஆள் இரண்டு ஒயரையும் மாட்டிவிட்டுப் போய்விட்டார். பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இன்னும் ‘ஃபிளாட்’ பக்கமே இருக்கிறது.

ஃபிளாட் பிளேட்டில், ஈயச் சட்டத்தின் மேல் மருந்தை அப்பியிருப்பார்கள். அடிக்கடி ஆழமாக இறங்கி ஏறினால் மருந்து உதிரும். டியூபுலரில், பாசிட்டிவ் பக்க மருந்து துணிக்குழாய்களுக்குள் அடைபட்டிருப்பதால் எளிதில் உதிராது. தினமும் கரண்ட் போகும் ஊருக்கு அதுதான் ஏற்றது. ஆனால் முழுதாக நிறைய அதற்குச் சற்றுக் கூடுதல் வோல்ட் வேண்டும். பொதுவாக ஃபிளாட் பிளேட்டுக்கு 14 வோல்ட்டை ஒட்டியும், டியூபுலருக்கு 14.4 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேலும் ஏற்றுவார்கள். ஃபிளாட் அமைப்பில் விட்ட டியூபுலர் தினமும் கொஞ்சம் குறையாகவே நிற்கும். மாதக்கணக்கில் அப்படி நின்றால் பிளேட்டில் வெள்ளைச் சல்ஃபேட் இறுகி, புது பேட்டரியும் பழையது போல இறங்கிவிடும்.

வோல்ட் மட்டும் சரியாக இருந்தால் போதாது, ஆம்பியரும் பொருந்த வேண்டும். ஏ.ஹெச். அளவில் பத்தில் ஒரு பங்கு என்பது நடைமுறைக் கணக்கு. 150-க்கு 15 ஆம்பியர். மூன்று ஃபேன், சில லைட், ஒரு டி.வி. என்று 300 வாட் ஓடினால் பேட்டரியிலிருந்து சுமார் 30 ஆம்பியர் போகும். இரண்டு மணி நேரக் கட்டில் 60 ஏ.ஹெச். குறையும். திரும்ப ஏற்றும்போது நஷ்டமும் சேர்ந்து 70 வரை கொடுக்க வேண்டும். 15 ஆம்பியரில் அதற்கு ஐந்து மணி நேரம் போதும். பழைய இன்வெர்ட்டர் 10 ஆம்பியர்தான் தரும் என்றால் ஏழு மணி நேரம். இறுதிக் கட்டத்தில் கரண்ட் தானாகக் குறைவதால் இன்னும் சில மணி நேரம் கூடும். அதற்குள் அடுத்த கட் வந்துவிட்டால் எப்படி நிறையும்?

கொதிப்பதற்குப் பெரும்பாலும் இதன் எதிர்மறைதான் காரணம். ஃபிளாட் பிளேட் பேட்டரியை ‘டியூபுலர்’ பக்கம் வைத்தாலோ, 80 ஏ.ஹெச். பேட்டரிக்குள் 20 ஆம்பியரைத் தள்ளினாலோ, தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழியிடும். நிறையும் நேரத்தில் லேசாகக் குமிழியிடுவது இயல்பு. டியூபுலரில் அடியில் தங்கும் ஆசிட்டைக் கலக்க அது தேவையும்கூட. பேட்டரி நிறைந்தபின் மல்டிமீட்டரை முனைகளில் வைத்துப் பாருங்கள். 13.5 முதல் 13.8 வரை இறங்கி நின்றால் சரி. மணிக்கணக்காக 14.4-க்கு மேலேயே நின்றால் அமைப்பு தவறு, அல்லது சார்ஜர் பழுது.

இரண்டு கோளாறும் ஒன்றாக வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது செத்துப்போன ஒரு செல்லைத்தான். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள். ஒன்று ஷார்ட் ஆகிவிட்டால் ஐந்துதான் மிச்சம். நிறைந்தபின் வரும் 13.7 வோல்ட்டை ஐந்தால் வகுத்தால் ஒரு செல்லுக்கு 2.7. செல் 2.4-ஐத் தொட்டாலே குமிழியிடத் தொடங்கும். எனவே நல்ல ஐந்தும் ஓயாமல் கொதிக்கும். வோல்ட்டோ மேலே ஏறாது. இன்வெர்ட்டர் ‘இன்னும் நிறையவில்லை’ என்று ஏற்றிக்கொண்டே இருக்கும்.

ஒயரைக் கழற்றிச் சில மணி நேரம் ஓயவிட்டு அளந்தால் நல்ல பேட்டரி 12.6-ஐ ஒட்டிக் காட்டும். ஒரு செல் போனது 10.5-ஐ ஒட்டிக் காட்டும். ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். ஐந்து செல்லில் 1240-ஐ ஒட்டியும், ஒன்றில் மட்டும் 1110 என்றும் வந்தால் போனது அதுதான். ஆறிலும் ஒரே மாதிரி 1180 வந்தால் பேட்டரியைத் தூக்காதீர்கள், குறை சார்ஜில். தண்ணீர் ஊற்றிய உடனே மட்டும் அளக்க வேண்டாம், அளவு பொய்யாகும்.

செல் போன பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஊற்றி ஓட்டுபவர்கள் உண்டு. அதைவிட மோசம் ஆசிட் ஊற்றுவது. சுற்றிலும் சேரும் ஹைட்ரஜனுக்கு ஒரு தீப்பொறி போதும். சார்ஜை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.