முதலீட்டாளர் தேடல்: வாரத்தை வகுத்துக்கொள்ளும் முறை

இந்தியாவில் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம், தன் பங்குகளை வாங்க வாருங்கள் என்று பொதுவில் விளம்பரம் செய்ய முடியாது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 42ஆம் பிரிவில் இதைத் தடுக்கிறது. எனவே ஸ்டார்ட்அப் நிறுவனர் முதலீட்டாளர்களை ஒவ்வொருவராகத்தான் அணுக வேண்டும். அதற்குக் கால ஒழுங்கு இல்லாவிட்டால் பாதிப்பேருக்கு நினைவூட்டல் போகாது. மீதிப்பேருக்கு அளவுக்கு மீறிப் போகும்.

கோவையில் விவசாய பம்ப்செட்டை செல்போன் வழியே இயக்கும் கருவி செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வங்கியில் 36 லட்சம் ரூபாய் இருக்கிறது. வருமானம் போக மாதம் 4 லட்சம் கையைக் கடிக்கிறது. அதாவது 9 மாதத்துக்குத் தாங்கும். தேடல் தொடங்கிப் பணம் கைக்கு வர ஆறு மாதம்கூட ஆகலாம் என்பதால், தேடலை இப்போதே தொடங்க வேண்டும். கையிருப்பு மூன்று மாதத்துக்குச் சுருங்கிய பிறகு பேசப் போனால், பேரம் பேசும் வலு போய்விடும்.

முதல் வேலை பட்டியல். விவசாயக் கருவிகளில் ஆர்வமுள்ளவர்கள், இந்த அளவுத் தொகையை இடும் வழக்கமுள்ளவர்கள், போட்டி நிறுவனத்தில் ஏற்கெனவே பணம் போடாதவர்கள் என்று வடிகட்டி 48 பெயர்கள் தேறுவதாகக் கொள்வோம். வாரத்துக்கு எட்டுப் பேர் என்றால் ஆறு வாரம். முதல் வாரத்தில் நடுத்தரமான வாய்ப்புள்ளவர்களை அணுகுவது நல்லது. அவர்கள் கேட்கும் கேள்விகளால் விளக்கம் கூர்மையடையும். மிகவும் விரும்பும் முதலீட்டாளர்களை இரண்டாம், மூன்றாம் வாரங்களில் சேர்த்து வைத்தால் அவர்களின் முடிவுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வரும். ஒருவர் மட்டும் கையில் இருந்தால் அவர் சொல்வதே விலை.

திங்கட்கிழமை அந்த வாரத்து எட்டுப் பேரைப் பற்றிப் படிப்பதற்கும், இருவருக்கும் தெரிந்தவர் மூலம் அறிமுகம் கேட்பதற்கும். செவ்வாய் காலை மின்னஞ்சல்கள் போகும். புதன், வியாழன் சந்திப்புகளுக்கு. வெள்ளி மாலை, யார், எப்போது, என்ன சொன்னார், அடுத்து என்ன என்பதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மற்ற நேரம் தொழிலுக்கு. விற்பனை சரிந்தால் முதலீட்டாளரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

பதில் வராதவருக்கு ஒரு வாரம் கழித்து முதல் நினைவூட்டல், அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து இரண்டாவது. அதோடு நிறுத்திவிடலாம். நினைவூட்டலில் புதுச் செய்தி இருக்க வேண்டும். “என் கடிதத்தைப் பார்த்தீர்களா?” என்பது தொந்தரவு. “சென்ற மாதம் 140 கருவிகள் விற்றோம், இந்த மாதம் 185” என்பது தகவல். நான்காம் வாரத்தில் புதியவர்கள் எட்டுப் பேரோடு, மூன்றாம் வாரத்தவருக்கு முதல் நினைவூட்டலும் முதல் வாரத்தவருக்கு இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். புதியவர்களை எட்டோடு நிறுத்தக் காரணம் இந்தச் சுமைதான். சந்திப்பு முடிந்தால் மட்டும் இடைவெளி கூடாது; நன்றியும், கேட்ட ஆவணமும் 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும். “இப்போது வேண்டாம்” என்றவருக்கு மாதம் ஒருமுறை சுருக்கமான முன்னேற்றக் குறிப்பு போதும்.

சந்திப்புக்கு முன் ஒரு பக்கக் குறிப்பு தயாராக வேண்டும். எதிரில் இருப்பவர் எவற்றில் முதலிட்டிருக்கிறார், அவர் கேட்கக்கூடிய கடினமான மூன்று கேள்விகள், சந்திப்பின் முடிவில் அவரிடம் கேட்க வேண்டியது ஆகியவை அதில் இருக்கும். எண்கள் நுனிநாக்கில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் இன்றைய மதிப்பு 8 கோடி, கேட்கும் தொகை 2 கோடி என்றால், முதலீட்டுக்குப் பிந்தைய மதிப்பு 10 கோடி. முதலீட்டாளர் பங்கு 20 சதவீதம். 2 கோடியை 8 கோடியால் வகுத்து 25 சதவீதம் என்று சொல்லிவிட்டால் நம்பிக்கை அங்கேயே குறையும்.

எங்கே தடை என்பதைப் பதிவேடே காட்டிவிடும். இரண்டு வாரத்தில் யாருமே பதில் தரவில்லை என்றால் பட்டியலோ மின்னஞ்சலோ சரியில்லை. முதல் சந்திப்புகள் நடந்தும் இரண்டாவது அழைப்பு வராவிட்டால் விளக்கத்திலோ எண்களிலோ ஓட்டை. கணக்குகளைக் கேட்டு வாங்கிய பின் மௌனம் என்றால், பெரும்பாலும் மதிப்பு அவர்களுக்கு ஒத்துவரவில்லை. குறை தெரிந்ததும் புதிய மின்னஞ்சல்களை நிறுத்தி, அதைச் சரிசெய்த பிறகே மிச்சப் பெயர்களைத் தொட வேண்டும்.

ஒருவர் வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டாலும் அட்டவணை நிற்கக் கூடாது. பணம் தனி வங்கிக் கணக்கில் வந்த பிறகும், பங்குகளை ஒதுக்கி, அந்த விவரத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும்வரை அதைச் செலவழிக்க சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த மாதச் சம்பளத்துக்கு அதை நம்பியிருக்க முடியாது.