தினேஷின் இடது கை எந்தப் பக்கம்?

அன்புள்ள கயல்,

ஆகஸ்டில் கம்பெனிகள் வரத் தொடங்கும் என்று பிளேஸ்மென்ட் செல்லில் சொல்லிவிட்டார்கள், கணக்குப் பகுதி பரவாயில்லை, ரீசனிங்தான் கைகொடுக்க மாட்டேன் என்கிறது என்று போனில் புலம்பினாய். அன்றைக்கு மெஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சரியாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ரீசனிங்கில் வரும் எல்லாவற்றையும் பற்றிச் சொல்லப்போவதில்லை. வட்ட மேசையைச் சுற்றி ஆட்களை உட்கார வைக்கும் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே படத்தின் கீழ் நான்கைந்து கேள்விகள் வருவதால், அது சரிந்தால் அந்தப் பகுதியின் கட்-ஆஃப் மொத்தமும் சரிந்துவிடும். எனக்கு முதல் டிரைவில் நடந்தது அதுதான்.

ஒரு காகிதம் எடுத்துக்கொள். அமுதா, பாலு, சித்ரா, தினேஷ், ஈஸ்வரி, பாத்திமா ஆகிய ஆறு பேரும் ஒரு வட்ட மேசையைச் சுற்றி, நடுவைப் பார்த்து, சம இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சித்ரா தினேஷுக்குப் பக்கத்து இருக்கையில் இல்லை. ஈஸ்வரி பாலுவுக்குப் பக்கத்து இருக்கையில் இருக்கிறாள். பாலு அமுதாவுக்கு இடப்பக்கம் இரண்டாவது ஆள். அமுதாவுக்கு நேர் எதிரே தினேஷ். கேள்வி இதுதான்: தினேஷுக்கு இடப்பக்கம் அடுத்து உட்கார்ந்திருப்பது யார்?

நம்மில் பெரும்பாலானவர்கள் முதல் குறிப்பைப் படித்ததுமே பேனாவை வைத்துவிடுவோம். சித்ரா தினேஷின் பக்கத்தில் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறாள்? அதை வைத்துக்கொண்டு எதையும் வரைய முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். ஆறு பேரை ஒரு வட்டத்தில் 120 விதமாக உட்கார வைக்கலாம். முதல் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டால் அதில் 72 மிஞ்சுகிறது. ஈஸ்வரி பாலுவுக்குப் பக்கத்தில் என்பது மட்டும் தெரிந்தால் 48. 'இடப்பக்கம் இரண்டாவது' என்ற குறிப்போ 'நேர் எதிரே' என்ற குறிப்போ, தனியாக ஒன்றே 24-க்குக் கொண்டுவந்துவிடுகிறது. கேள்வி தயாரிப்பவர்கள் பலமான குறிப்பைக் கடைசியில் வைப்பது வழக்கம். ஆகவே எழுதியிருக்கும் வரிசையில் வரையாதே. எல்லாக் குறிப்பையும் ஒரு முறை படி. இடத்தை உறுதியாகச் சொல்லும் குறிப்பு எது, அதில் இரண்டு முறை வரும் பெயர் எது என்று பார். இங்கே அது அமுதா.

அமுதாவை வட்டத்தின் அடியில், உன் வயிற்றுப் பக்கமாக உட்கார வை. இதற்குக் காரணம் இருக்கிறது. அடியில் இருப்பவர் நடுவைப் பார்க்கும்போது நீ பார்க்கும் திசையிலேயே பார்க்கிறார், அவருடைய இடது கையும் உன் இடது கையும் ஒரே பக்கம். தினேஷ் எதிரே, அதாவது உச்சியில். அமுதாவின் இடப்பக்கம் எண்ணிக்கொண்டே போ: கீழ் இடது மூலை ஒன்று, மேல் இடது மூலை இரண்டு. அங்கே பாலு. இங்கே ஒரு நிமிடம் நில். 'இரண்டாவது ஆள்' என்றால் நடுவில் ஒருவர்தான் இருப்பார். 'இடையில் இருவர்' என்று கேள்வியில் இருந்தால் அது மூன்றாவது ஆள். அவசரத்தில் இந்த இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

பாலுவின் ஒரு பக்கம் உச்சியில் தினேஷ் இருக்கிறான். அதனால் ஈஸ்வரிக்குக் கீழ் இடது மூலைதான் மிச்சம். வலப்பக்கத்தில் இரண்டு இடம் காலி. மேல் வலது மூலை தினேஷை ஒட்டியது, அங்கே சித்ரா உட்கார முடியாது. அவள் கீழ் வலதுக்கு வருகிறாள், பாத்திமா மேல் வலதுக்குப் போகிறாள். முதலில் ஒன்றுக்கும் உதவாத குறிப்பு கடைசியில் படத்தை முடித்து வைத்தது. 'இல்லை' என்று முடியும் குறிப்புகளுக்கு எப்போதும் வேலை கடைசியில்தான்.

இப்போது கேள்விக்கு வா. தினேஷுக்கு இடப்பக்கம் யார்? படத்தில் தினேஷுக்கு இடப்பக்கமாகத் தெரிவது பாலு. அன்றைக்கு இதே மாதிரி ஒரு படத்தைப் பிசகில்லாமல் வரைந்துவிட்டு, கேள்விக்கு நான் குறித்த விடையும் அப்படிப்பட்ட ஒரு பாலுதான். அது தவறு. உச்சியில் இருக்கும் தினேஷ் உன்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய இடது கை உன் வலது கைப் பக்கம். சரியான விடை பாத்திமா. ஆப்ஷனில் பாலுவும் இருப்பான், அவன் அங்கே இருப்பதே நம்மைப் போன்றவர்களுக்காகத்தான். ஐந்து கேள்வியில் மூன்றை இப்படி விட்டேன். இரவு ஹாஸ்டலில் நினைவிலிருந்து மறுபடி வரைந்தபோதுதான் தெரிந்தது. படத்தில் தப்பே இல்லை, படித்த பக்கம்தான் தப்பு.

இதற்கு நான் பழக்கிக்கொண்ட வழி இரண்டு. வட்டத்தைப் போட்டவுடனே அதன் ஓரத்தில் கடிகாரம் சுற்றும் திசையில் ஒரு அம்பு வரைந்து, அதன் மேல் 'இடது' என்று எழுதிவிடுவேன். நடுவைப் பார்த்து உட்கார்ந்தவர் வட்டத்தில் எந்த இடத்தில் இருந்தாலும் அவருடைய இடது அந்த அம்பு போகும் பக்கம்தான். எல்லாரும் வெளிப்பக்கம் பார்த்திருந்தால் அம்பைத் திருப்பிப் போடு. சிலர் உள்ளே, சிலர் வெளியே என்று வந்தால் பொது அம்பு உதவாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சின்ன அம்பு போட வேண்டும். இரண்டாவது வழி இன்னும் எளிது: யாரைப் பற்றிக் கேள்வியோ அவர் அடியில் வரும்படி ரஃப் ஷீட்டைத் திருப்பிக்கொள். தினேஷ் உன் வயிற்றுப் பக்கம் வந்ததும் பாத்திமா தானாகவே இடப்பக்கம் வந்துவிடுவாள்.

சில கணக்குகளில் நடுவழியில் பாதை இரண்டாகப் பிரியும். அப்போது ஒரு படத்தை அடித்துவிட்டு இன்னொன்று போடாதே. பக்கத்திலேயே இரண்டாவது வட்டம் போட்டு, மிச்சக் குறிப்புகளை இரண்டிலும் ஓட்டு. முரண்படுவது தானே விழும். இரண்டு நிமிடம் போயும் ஒருவரைக்கூட உறுதியாக உட்கார வைக்க முடியவில்லை என்றால் அந்தத் தொகுப்பை விட்டுத் தாண்டிவிடு. ஆனால் சில தேர்வுகளில் ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பி வர முடியாது, சிலவற்றில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். தொடக்கத்தில் வரும் விதிமுறைப் பக்கத்தை அவசரமாக மூடிவிட்டால் இது தெரியாமலே உட்கார்ந்திருப்பாய்.

பயிற்சிக்கு ஆர்.எஸ். அகர்வால் புத்தகமே போதும். ஒரு நாளைக்கு முப்பது கணக்கு போடுவதாகச் சொன்னாய். நான்கு போடு, ஆனால் ஒவ்வொன்றையும் முடித்த பிறகு ஒரு குறிப்பை எடுத்துவிட்டு எத்தனை படம் சாத்தியம் என்று வரைந்து பார். மேலே போட்ட கணக்கில் சித்ராவைப் பற்றிய குறிப்பை எடுத்தால் இரண்டு படம் வரும். அமுதாவுக்கு எதிரே தினேஷ் என்பதை எடுத்தால் ஆறு வரும். அந்த ஆறில் தினேஷுக்கு இடப்பக்கம் யார் என்பது படத்துக்குப் படம் மாறும். 'தகவல் போதாது' என்ற ஆப்ஷனை எப்போது நம்பிக் குறிக்கலாம் என்பது எனக்கு இப்படி வரைந்து பார்த்துத்தான் பிடிபட்டது. ஒரு படம் ஒத்துவந்தவுடன் நிறுத்திவிட்டால் அந்த ஆப்ஷன் கண்ணிலேயே படாது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஆறு படத்தையும் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பு. ஈஸ்வரி கீழ் இடது மூலையில் இருக்கும்போது இரண்டு வரும், அவள் உச்சியில் இருக்கும்போது நான்கு வரும். மொத்தம் ஐந்துதான் வந்தது என்றால், உச்சிப் பக்கத்தில் ஒன்றை விட்டிருக்கிறாயா என்று முதலில் பார்.

அன்புடன்,
அக்கா