ட்ரோனின் கணக்கில் பூமி தட்டை

நில அளவைக்கு ட்ரோன் பறக்கவிடுபவர்கள் ஜி.எஸ்.டி. என்று சொன்னால் வரி நினைவுக்கு வரவேண்டாம். படத்தின் ஒரு பிக்சல் தரையில் எத்தனை சென்டிமீட்டரை அடைக்கிறது என்பதற்கான அளவு அது. அதன் கணக்கு எளிது: லென்ஸின் குவியத் தூரத்தைப் போல் பறக்கும் உயரம் எத்தனை மடங்கோ, சென்சாரைப் போல் தரையில் பதியும் பரப்பின் நீள அகலமும் அத்தனை மடங்கு. ஃபேன்டம் 4 ஆர்டிகே என்ற ட்ரோனின் சென்சார் 13.2 மி.மீ. அகலமும் 8.8 மி.மீ. உயரமும் கொண்டது, குவியத் தூரமும் 8.8 மி.மீ.தான். ஆகவே 100 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த ஒரு படத்தில் 150 மீட்டருக்கு 100 மீட்டர் நிலம் அடங்கும். 150 மீட்டரை 5,472 பிக்சல்கள் பங்கிட்டுக்கொள்வதால் ஒரு பிக்சலுக்கு 2.74 செ.மீ. கிடைக்கும். தாழப் பறந்தால் இந்த எண் குறையும், படம் நுணுக்கமாகும். ஒப்பந்தத்தில் எழுதப்படுவதும் பெரும்பாலும் இதுதான். ஆனால் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் ஜி.எஸ்.டி. அல்ல, அதன் நிழலில் ஒதுங்கி நிற்கும் ஓவர்லாப்.

ஒரே இடம் பல படங்களில், வெவ்வேறு கோணங்களில் விழுந்தால்தான் மென்பொருளால் அதன் உயரத்தைக் கணிக்க முடியும். பறக்கும் திசையில் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் ஓவர்லாப் என்பது பலரும் வைக்கும் அளவு. மேலே சொன்ன படத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால், 20 மீட்டருக்கு ஒரு படமும் 45 மீட்டருக்கு ஒரு பறப்புக் கோடும் வேண்டும். தரையின் ஒவ்வொரு புள்ளியும் சராசரியாகப் பதினேழு படங்களில் வரும். சமவெளி வயலுக்கு இது தாராளம். சிக்கல் என்னவென்றால், இந்த 20-ம் 45-ம் மீட்டரில் நிலைத்துவிட்ட எண்கள்; சதவீதமோ ட்ரோனுக்குக் கீழே தரை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். திட்டமிடும் செயலியில் உயரம் பொதுவாகப் புறப்பட்ட இடத்திலிருந்து அளக்கப்படுகிறது. தரை அங்கிருந்து எங்கும் ஒரே மட்டம் என்று அது எடுத்துக்கொள்கிறது.

600 மீட்டர் நீளம், 450 மீட்டர் அகலமுள்ள ஒரு கல்குவாரியை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் 40 மீட்டர் உயரத்துக்கு இன்னும் உடைக்காத பாறைக் குன்று, மறுபுறம் 20 மீட்டர் ஆழத்துக்கு வெட்டிய குழி. சமதரையில் புறப்பட்டு 100 மீட்டரில் பறக்கும் ட்ரோனுக்கும் குன்றின் உச்சிக்கும் இடையே 60 மீட்டர்தான். அங்கே ஒரு படத்தில் அடங்குவது 90-க்கு 60 மீட்டர். படங்களின் இடைவெளி அதே 20, கோடுகளின் இடைவெளி அதே 45. ஆக முன்பின் ஓவர்லாப் 67 சதவீதமாகவும் பக்கவாட்டு ஓவர்லாப் 50 சதவீதமாகவும் இறங்கிவிடும். பதினேழு படங்களில் வரவேண்டிய புள்ளி ஆறில்தான் வரும். ஜி.எஸ்.டி.யோ அங்கே 1.6 செ.மீ., முன்னைவிட நுணுக்கம்! குழியின் அடியில் எல்லாம் தலைகீழ்: ஓவர்லாப் கூடும், ஜி.எஸ்.டி. 3.3 செ.மீ. ஆகிவிடும். எனவே ஜி.எஸ்.டி.யைப் பள்ளத்தில் கணக்கிட வேண்டும், ஓவர்லாப்பை மேட்டில் கணக்கிட வேண்டும். புறப்படும் இடத்தை வைத்து இரண்டையும் கணக்கிட்டால் இரண்டும் பொய்த்துப்போகும்.

ஆறு படங்கள் போதாதா என்று கேட்கலாம். வெறும் பாறை என்றால் போதலாம். ஆனால் செங்குத்தாக வெட்டிய முகப்பு ஒருபக்கத்துக் கோடுகளிலிருந்து மட்டுமே தெரியும். உச்சியில் மரம் இருந்தால் அருகிலிருந்து பார்க்கும்போது படத்துக்குப் படம் அதன் உருவம் மாறும், காற்று கிளையையும் அசைக்கும். ஆறில் ஒப்பிட முடிந்தவை இரண்டு மூன்றாகச் சுருங்கும் இடத்தில் வரைபடத்தில் ஓட்டை விழுகிறது, அல்லது கூரையும் பாதையும் நெளிகின்றன. நெளிவு ஓட்டையைவிட மோசம். ஓட்டையாவது கண்ணில் படும்.

அப்படியானால் எல்லா இடத்திலும் ஓவர்லாப்பை ஏற்றிவிடலாமே? ஏற்றலாம், விலை உண்டு. உச்சியிலேயே 80-க்கு 70 வேண்டுமென்றால் 12 மீட்டருக்கு ஒரு படம், 27 மீட்டருக்கு ஒரு கோடு. இந்த ட்ரோன் இரண்டு படங்களுக்கு நடுவே 2.5 நொடி எடுத்துக்கொள்வதால் வேகம் நொடிக்கு 8 மீட்டரிலிருந்து 4.8-ஆகக் குறையும், 11 கோடுகள் 18 ஆகும். திரும்பும் நேரத்தைச் சேர்க்காமலே 14 நிமிடப் பறப்பு 37 நிமிடத்தைத் தாண்டும். ஒரு பேட்டரி தாங்காது. குன்றின் மேலிருந்து புறப்பட்டு அங்கிருந்து 100 மீட்டர் ஏறுவதும் குறுக்குவழியாகத் தோன்றும்; சமதரைக்கு மேல் அது 140 மீட்டர். 2021 ட்ரோன் விதிகளில் பச்சை மண்டலத்துக்கே வரம்பு 400 அடி, ஏறத்தாழ 120 மீட்டர்.

மிஞ்சுவது தரையின் மேடு பள்ளத்தைப் பின்தொடர்ந்து பறக்கும் முறை. இதற்குச் செயலியிடம் உயர வரைபடம் கொடுக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். தரவைப் பலரும் கொடுக்கிறார்கள். அது 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து அளந்தது. குவாரியில் அதற்குப்பின் குன்று குழியாகியிருக்கும், கழிவுக் கல் புது மேடாகியிருக்கும். அந்த மேட்டை அறியாத ட்ரோன் நேரே அதை நோக்கி வரும். முதலில் பாதுகாப்பான உயரத்தில் ஒரு சுற்று பறந்து, அந்தப் படங்களிலிருந்து கிடைக்கும் உயர மாதிரியை வைத்து இரண்டாம் பறப்பைத் திட்டமிடுவதே சரி. குவாரியை விட்டுக் கிளம்புமுன், எந்தப் புள்ளி எத்தனை படங்களில் விழுந்தது என்று மென்பொருள் தரும் அறிக்கையில் குன்றின் உச்சியைப் பாருங்கள்.