வீட்டை விற்கலாமா? உடன்பிறந்தோருக்கு ஒரு கடிதம்

அப்பா கட்டிய வீட்டை விற்கலாம் என்று உடன்பிறந்தோருக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விலையைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்பே எழுதவேண்டியது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பது.

கும்பகோணத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம், உயில் இல்லை. அம்மாவும் காலமாகிவிட்டார். பிள்ளைகள் நால்வர். பெற்றோருக்குப் பிறகு மூத்த அண்ணனும் இறந்துபோனார். அவருக்கு மனைவி, கல்லூரி முடித்த மகன், 15 வயது மகள். அக்கா திருச்சியில், தங்கை சிங்கப்பூரில் இருக்கிறார்கள். கடிதம் எழுதுவது இரண்டாவது மகன்.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்த வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. 'சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்றே' என்ற பேச்சு அங்கே எடுபடாது. வீடு 60 லட்சத்துக்குப் போனால் ஆளுக்கு 15 லட்சம். அண்ணனின் 15 லட்சம் அவர் மனைவிக்கும் இரு பிள்ளைகளுக்கும் ஐந்தைந்து லட்சமாகப் பிரியும். ஆகவே கடிதம் அண்ணிக்கும் போகவேண்டும். அது இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள அக்கா, அண்ணி, தங்கைக்கு. பங்கு விவரம் மேலே எழுதியிருக்கிறேன். இரண்டு பேரிடம் வீட்டை மதிப்பிடச் சொல்லி, அதை உங்களுக்கு அனுப்புகிறேன். நம்மில் யாராவது வீட்டை வைத்துக்கொள்ள விரும்பினால் வெளியாளைத் தேட வேண்டாம். மற்றவர்கள் தங்கள் பங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிடலாம். எல்லோரும் சம்மதிக்கும்வரை நான் யாரிடமும் அட்வான்ஸ் வாங்கமாட்டேன்."

கடைசி வரி முக்கியம். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு முன்பணம் வாங்கினால் மற்றவர்களின் பங்கு அதில் கட்டுப்படாது. வாங்க வந்தவர் வழக்குக்குப் போவார். பங்குதாரருக்கே முதல் வாய்ப்பு என்பதும் வெறும் பாசமல்ல. ஒரு வாரிசு தன் பங்கை விற்க முனைந்தால், மற்ற வாரிசுகள் அதை வாங்க முன்னுரிமை கோரலாம் என்று அதே சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது.

வேலை தடைபடும் இடங்கள் இரண்டு. அண்ணன் மகள் மைனர் என்பதால், அவள் பங்கை விற்க அண்ணியின் கையெழுத்து மட்டும் போதாது. முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வேண்டும். அது இல்லாத விற்பனையை அவள் பின்னாளில் ரத்து செய்யக் கோரலாம். தங்கை நேரில் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்குச் சான்று வாங்கி அனுப்பவேண்டும். இங்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தனித்தனி வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா ஆகியவற்றை இதற்கிடையே சேகரிக்கலாம்.

ஒருவர் மறுத்தால் பாகப்பிரிவினை வழக்குதான் வழி. வீட்டைத் துண்டுபோட முடியாதபோது, பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால், 1893-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றமே அதை விற்கச் சொல்லலாம். பல ஆண்டு இழுக்கக்கூடிய அந்த வழக்கின் செலவும் இதே 60 லட்சத்திலிருந்துதான் போகும் என்பதையும் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.