வெள்ளைக்கருவிலிருந்து லைசோசைம்

கோழிமுட்டை வெள்ளைக்கருவில் புரதங்கள் பல உண்டு. நமக்கு வேண்டியது லைசோசைம் மட்டும். மின்னூட்ட வேறுபாட்டை வைத்து, ரெசின் நிரப்பிய குழலில் அதைப் பிரிக்கலாம்.

எந்தப் புரதத்துக்கும் நிகர மின்னூட்டம் சுழியாகிற ஒரு pH உண்டு. அதுதான் சமமின்புள்ளி. கரைசலின் pH அதற்குக் கீழே போனால் புரதம் நேர்மின், மேலே போனால் எதிர்மின். லைசோசைமுக்கு அது ஏறக்குறைய 11. வெள்ளைக்கருவில் பாதிக்கு மேலிருக்கும் ஓவால்புமினுக்கு 4.5, ஓவோடிரான்ஸ்ஃபெரினுக்கு 6 பக்கம்.

சமமின்புள்ளியிலிருந்து ஒரு pH அலகாவது தள்ளி நில் என்பார்கள். அதை மட்டும் பார்த்தால் pH 5 கூடச் சரிதான், லைசோசைம் எதிர்மின் ரெசினில் நன்றாகவே ஒட்டும். ஆனால் அங்கே ஓவோடிரான்ஸ்ஃபெரினும் நேர்மின்னாகிக் கூடவே வந்து ஒட்டும். ஆகவே, வேண்டியதற்கும் வேண்டாததற்கும் நடுவில் pH 7.5-ஐப் பிடிக்கலாம். அங்கே லைசோசைம் நேர்மின், பெரும்பாலான மற்றவை எதிர்மின். எதிர்மின் தாங்கிய ரெசின், அதாவது நேரயனிப் பரிமாற்றி, போதும். தாங்கல் கரைசல் 20 மில்லிமோலார் பாஸ்பேட். டிரிஸ் வேண்டாம்; அது நேர்மின் கொண்டது, தானே ரெசினில் போய் உட்காரும்.

வெள்ளைக்கருவைத் தாங்கல் கரைசலில் நீர்க்கவைத்தால் ஓவோமியூசின் கலங்கலாகப் பிரியும். சுழற்றி வடிகட்டாமல் ஏற்றினால் குழல் அடைத்துக்கொள்ளும்.

அடுத்து உப்பு. சோடியம் அயனிகள் கூடக்கூட, ரெசினில் புரதம் பிடித்திருக்கும் இடங்களை அவை பறித்துக்கொள்ளும். பிடி தளர்ந்தது முதலில் இறங்கும். முதல் ஓட்டத்தில் 1 மில்லி குழலுக்கு 20 மில்லியில் 0-விலிருந்து 1 மோலார் வரை ஏற்றுங்கள். மில்லிக்கு 50 மில்லிமோலார். செங்குத்தான ஏற்றம்தான், இடம் கண்டுபிடிக்க இது போதும். சிகரம் 0.3 மோலார் பக்கம் தெரிந்ததென்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஓட்டத்தில் அதே 20 மில்லியில் 0.15-லிருந்து 0.45 வரை மட்டும். மில்லிக்கு 15 மில்லிமோலார். ஒட்டிக்கிடந்த சிகரங்கள் விலகும், ஆனால் ஒவ்வொன்றும் அகன்று புரதம் நீர்த்துப்போகும். இன்னும் சரிவைக் குறைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. உப்பின் அளவைப் பம்பின் திட்டத்தில் பார்க்காமல் கடத்துத்திறன் கோட்டில் பாருங்கள். கலப்பானிலிருந்து குழல்வரை உள்ள கொள்ளளவைக் கடந்துதான் உப்பு வந்து சேரும், அதனால் திட்டம் முந்திக்கொண்டு பேசும்.

ஒட்டாமல் வெளியேறிய நீரை வீசிவிடாதீர்கள். மைக்ரோகாக்கஸ் செல்களின் கலங்கலில் ஒரு துளி விட்டு, கலங்கல் தெளிகிறதா என்று பாருங்கள். தெளிந்தால் லைசோசைம் நழுவியிருக்கிறது. ஏற்றிய மாதிரியின் கடத்துத்திறன் தாங்கல் கரைசலைவிட மிகுந்திருந்தால் உப்புதான் காரணம், இன்னும் நீர்க்கவையுங்கள். கடத்துத்திறன் சரியாக இருந்து, தொடக்கத்தில் ஒட்டி, பிறகு கசியத் தொடங்கியிருந்தால் குழல் நிரம்பிவிட்டது, அடுத்தமுறை குறைவாக ஏற்றுங்கள்.

அவிடின் மட்டும் சிக்கல். அதன் சமமின்புள்ளியும் 10 பக்கம்தான், சொற்ப அளவே இருந்தாலும் இதே ரெசினில் ஒட்டும். தூய்மை மிகவும் முக்கியமானால் அடுத்து அளவுவாரிக் குழலில் விடுங்கள். லைசோசைம் 14 கிலோடால்டன், நான்கு அலகு சேர்ந்த அவிடின் 60-க்கு மேல். மின்னூட்டத்தில் பிரியாதது அளவில் பிரிந்துவிடும்.