நூல் தந்தவருக்கு ஆண்டு முடிவில் ஒரு கடிதம்

திருப்பூர் பனியன் தொழிலுக்கு 2021 கடினமான ஆண்டு. நூல் விலை பலமுறை ஏறியது. நவம்பரில் மட்டும் கிலோவுக்கு 50 ரூபாய் கூடியது. வெளிநாட்டு பையரிடம் சட்டைக்கான விலையை மாதங்களுக்கு முன்பே பேசி முடித்திருப்பார்கள். நூல் ஏறியது என்று அதைத் திருத்த முடியாது. ஒரு டி-ஷர்ட்டுக்கு சுமார் 200 கிராம் நூல் என்றால், அந்த ஒரு மாத உயர்வே சட்டைக்கு 10 ரூபாயைத் தின்றுவிடும்.

அப்படிப்பட்ட ஆண்டில் சொன்ன தேதிக்கு நூல் இறக்கிய வியாபாரிக்கு வாழ்த்து எழுதும்போது, 'தங்கள் நல்லாதரவுக்கு நன்றி' என்று அச்சடித்த அட்டை போதாது. அவர் செய்தது என்ன என்று எழுத வேண்டும்.

உதாரணமாக, விலை ஏறும் முன் புக் செய்த 1,000 கிலோவை அவர் பழைய விலைக்கே கொடுத்திருந்தால், வெளியே விற்றுக் கிடைத்திருக்கக்கூடிய 50,000 ரூபாயை விட்டுக்கொடுத்திருக்கிறார்.

வெளியே தெரியாத உதவி இன்னொன்று உண்டு: ஒரே லாட்டில் நூல் தருவது. வேறு வேறு லாட் கோன்கள் ஒரே துணியில் கலந்தால் கிரே துணியில் ஒன்றும் தெரியாது. பஞ்சின் முதிர்ச்சி லாட்டுக்கு லாட் மாறுவதால் சாயத்தை ஒரே அளவில் வாங்காது. சாயப்பட்டறையிலிருந்து வரும்போது துணியின் குறுக்கே பட்டை பட்டையாக நிற்கும். அதற்குள் நூல், நிட்டிங், சாயம் மூன்றுக்கும் செலவாகியிருக்கும். கலப்பு இருக்கிறதா என்று கோன்களைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். தட்டுப்பாட்டு நேரத்தில், கிடைத்ததை அள்ளிப் போடாமல் லாட் பார்த்து அனுப்புவது பெரிய காரியம்.

ஆகவே கடிதம் இப்படி இருக்கலாம்:

"அண்ணா, வணக்கம். நவம்பரில் விலை ஏறியபோதும் அக்டோபரில் பேசிய விலைக்கே நூல் கொடுத்தீங்க. கடைசி லோடு வரைக்கும் ஒரே லாட். சாயத்தில் ஒரு ரோல்கூடத் திரும்பி வரலை. அதனால்தான் ஷிப்மென்ட் தேதி தவறாமல் போச்சு. உங்களுக்கும், குடோனில் மூட்டை பிரிச்சு அனுப்புற தம்பிகளுக்கும் நன்றிங்க. வீட்டில் எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்."

அடுத்த ஆர்டர், கடன் நாள், தள்ளுபடி எதையும் இதில் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சேர்த்தால் நன்றி பேரத்தின் முன்னுரையாகிவிடும். கெடு தாண்டிய பில் நின்றால் முதலில் அதைக் கட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும். நம் பணத்துக்காகக் காத்திருப்பவருக்கு இந்த வரிகள் கசக்கும்.

டிசம்பர் கடைசி வாரத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது. மில்கள் பெரும்பாலும் மாதத்தின் முதல் நாளில் புதிய நூல் விலையை அறிவிக்கும். ஜனவரி 1 அன்று அவருடைய போன் விலை கேட்பவர்களால் நிறைந்திருக்கும்.