ராத்திரி பத்து மணிக்கும் சுடும் கூரை: ஓடா, தளமா, தகரமா?

வேலூர் மாதிரி ஒரு ஊர், மே மாசம். குறைஞ்ச செலவில் 10 அடிக்கு 12 அடி அளவில் ஒரு அறை கட்டணும்னு வெச்சுக்குங்க. மேலே என்ன போடுவீங்க? தகரம் சூடு, கான்கிரீட் பரவாயில்லைன்னு பொதுவா சொல்வாங்க. மதியம் ஒரு மணிக்கு அது சரிதான். ராத்திரி பத்து மணிக்கு நிலைமை அப்படியே தலைகீழ்.

காரணம் எடை. 4 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. நம்ம அறையின் பரப்பு 11 சதுர மீட்டர். அப்போ தலைக்கு மேலே இருக்கிறது 2,750 கிலோ. ஒரு கிலோ கான்கிரீட் ஒரு டிகிரி சூடாக ஏறக்குறைய 0.88 கிலோஜூல் வேணும். பகல்ல தளம் 10 டிகிரி ஏறினா, உள்ளே சேரும் வெப்பம் சுமார் 24,000 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் கிட்டத்தட்ட 6.7 யூனிட். அதாவது, 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஏழு மணி நேரம் போட்டு விட்ட மாதிரி. சூரியன் மறைஞ்ச பிறகு இதில் ஒரு பகுதி வானத்துக்குப் போகும், மிச்சம் கீழே படுத்திருக்கிற உங்க மேலே இறங்கும்.

அரை மில்லிமீட்டர் தகரம் சதுர மீட்டருக்கு 4 கிலோதான். அது தேக்கும் வெப்பம் தளத்தின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால வெயில் போன கொஞ்ச நேரத்திலேயே ஆறிடும். ஆனா மதியம் அதே மெல்லிய தகரம் வெயிலைத் தடுக்காமல் உள்ளே கடத்தும்.

ஓடு நடுவில் நிற்கும். எடை குறைவு, அதோட ஓடுகளுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியா சூடான காற்று வெளியே போகும். ஒழுகுதேன்னு சந்தை முழுசா பூசிட்டா அந்த நன்மை போச்சு. சரிவும் மரச்சட்டமும் கட்டாயம் வேணும். உடைஞ்ச ஓட்டை உடனே மாத்தணும். மேல்மாடி ஆசையையும் விட்டுடணும்.

ஆக, எந்த நேரத்தில் வீட்டில் இருக்கீங்கங்கிறதுதான் கேள்வி. பகல்ல வேலைக்குப் போய் ராத்திரி மட்டும் தூங்க வர்றவங்களுக்குத் தளம்தான் பெரிய தொல்லை. தளம் போட்டாச்சுன்னா, கோடைக்கு முன்னாடி மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிங்க. வெப்பம் ஏறுறதே குறையும். தூசி படிஞ்சா பலன் குறையும், அதனால வருஷா வருஷம் அடிக்கணும். தகரத்துக்குக் கீழே ஒரு அடி இடைவெளி விட்டு மூங்கில் பாய் கட்டி, இரண்டு முனையிலும் காற்றுத் திறப்பு வைங்க.

அகச்சிவப்பு வெப்பமானி கிடைச்சா மதியம் 2 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் உட்கூரையை அளந்து பாருங்க. பளபளக்கிற தகரத்தில் அது தப்பாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேலே குறி வைங்க.